அம்மாவைக் கெடுத்த அதே மாத்திரையை மறுபடி கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

உசிலம்பட்டிக்காரன் – மே 19, இரவு 10:40

அம்மாவுக்கு 58 வயது. மூட்டுவலிக்கு இரண்டு வருடமாக எங்கள் பக்கத்து கிளினிக் ஒன்றில் வெள்ளிக்கிழமைதோறும் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டார். பேப்பரில் மடித்துத் தருவார்கள், மருந்தின் பெயர் இருக்காது. அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். பன்னிரண்டாம் நாள் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போன இடத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, மயக்கம். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐந்து நாள்.

இப்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீட்டைப் பார்த்தால் பிரட்னிசலோன் 5 மி.கி., காலையில் ஒன்று, அதன் கீழே "நிறுத்தக் கூடாது" என்று சிவப்பு மையில் கோடு. அதுவும் ஸ்டீராய்டுதானே? ஒரு வருடம்கூட ஆகலாம் என்கிறார்கள். என் கேள்வி ஒன்றுதான்: கொடுக்கலாமா, வேண்டாமா?

தல்லாகுளம் ஜிம் – மே 19, இரவு 11:15

ப்ரோ, ஸ்டீராய்டு எடுத்தால் சதை ஏறும், நிறுத்தினால் இறங்கும், அவ்வளவுதான். எங்கள் ஜிம்மில் இரண்டு பேர் போடுகிறார்கள், யாரும் மயங்கி விழவில்லை. அம்மாவுக்கு முட்டை கொடுங்கள்.

மேலூர் டாக்டர் – மே 20, காலை 6:10

ஜிம் தம்பி, நீங்கள் சொல்வது ஆண் ஹார்மோன் சாதி. இது அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன் சாதி. பெயரில் மட்டும்தான் உறவு. இது சதையை ஏற்றாது, கரைக்கும்.

உசிலம்பட்டித் தம்பி, கொடுங்கள். ஒரு நாள்கூட விடாமல் கொடுங்கள். விளக்கம் சாயங்காலம் ஓ.பி. முடிந்து எழுதுகிறேன். அதற்குள் சீட்டில் உள்ள எண்களைப் போடுங்கள்: பி.பி., சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கார்டிசால் பார்த்திருந்தால் அதுவும்.

உசிலம்பட்டிக்காரன் – மே 20, மதியம் 1:30

பி.பி. 80/50. சோடியம் 121. பொட்டாசியம் 4.2. சர்க்கரை 62. கார்டிசால் 2.1 என்று இருக்கிறது.

முதல் நாள் பாட்டில் பாட்டிலாக ஏற்றியும் பி.பி. ஏறவே இல்லை. ராத்திரி டூட்டிக்கு வந்த டாக்டரம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தார், சேலைத் தலைப்பை விலக்கி முன்கையில் இருந்த நீலத் திட்டுகளைப் பார்த்தார். தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. "கால்வலிக்குப் பொட்டலம் எதுவும் சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். ரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி போட்டார். விடிகாலையில் அம்மா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

மேலூர் டாக்டர் – மே 20, இரவு 9:30

அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு கும்பிடு. பி.பி. 80க்கு இறங்கிய உடம்பில் அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் 18க்கு மேல் எகிறியிருக்க வேண்டும். 2 என்றால் சுரப்பி தூங்குகிறது என்று அர்த்தம்.

எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் தவறாமல் வந்துகொண்டே இருந்தால் தோட்டத்துக் கிணற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மண் சரியும், ஊற்றுக்கண் அடைபடும். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கால்வாயை அடைத்தால் பயிர் கருகும். கிணறு இருக்கிறது, தண்ணீர் இல்லை.

உடம்பு தினமும் தானே கார்டிசால் சுரக்கிறது, விடிகாலையில் அதிகம், நடு இரவில் குறைவு. ஏறத்தாழ 5 மி.கி. பிரட்னிசலோனுக்குச் சமமான அளவு. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று கட்டளை போடுவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. ரத்தத்தில் ஏற்கெனவே மருந்து மிதந்தால் அது கட்டளை அனுப்பாது. கட்டளை வராத அட்ரீனல் மாதக்கணக்கில் சுருங்கிப்போகும். மாத்திரையை நிறுத்திய மறுநாள் அது முழித்துக்கொள்ளாது. முதலில் மேலே இருப்பவர் எழ வேண்டும், அப்புறம்தான் கீழே.

உங்கள் அம்மாவுக்கு மாத்திரை இல்லாமல் பன்னிரண்டு நாள் எப்படியோ ஓடியது. சித்திரை வெயிலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்ததும் உடம்பு கூடுதல் கார்டிசால் கேட்டது, கொடுக்க ஆள் இல்லை. பொட்டாசியம் ஏறாமல் இருந்ததையும் கவனியுங்கள். உப்பைப் பிடித்து வைக்கும் இன்னொரு ஹார்மோனும் அதே சுரப்பியிலிருந்துதான் வருகிறது, ஆனால் அதற்குக் கட்டளை சிறுநீரகத்தின் பக்கமிருந்து. அது தப்பித்துவிட்டது. சுரப்பியே நோயில் அழிந்தவர்களுக்குப் பெரும்பாலும் பொட்டாசியம் ஏறும், உடம்பு கறுக்கும். அம்மாவின் சுரப்பி அழியவில்லை. அதனால்தான் ஒரு வருடம் பொறுங்கள் என்கிறார்கள்.

ஆகவே இப்போது கொடுக்கும் 5 மி.கி. வலிக்கு மருந்து இல்லை. கிணறு தூர்வாரும் வரை குடத்தில் ஊற்றும் தண்ணீர்.

உசிலம்பட்டிக்காரன் – மே 21, அதிகாலை 1:05

தூக்கம் வரவில்லை. முதல் பதிவில் ஒன்றை மாற்றி எழுதிவிட்டேன். அம்மா நிறுத்தவில்லை. நான்தான் நிறுத்தினேன். போனில் ஒரு வீடியோ வந்தது, ஸ்டீராய்டு எலும்பைத் தின்னும் என்று. பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அம்மாவிடம் சத்தம்வேறு போட்டேன். "ரெண்டு நாளா கிறுகிறுன்னு வருதுடா" என்று சொன்னார். வெயில் என்றேன்.

அனுப்பானடி அக்கா – மே 21, காலை 7:45

தம்பி, வீடியோவில் சொன்னது பொய் இல்லையே. நிறுத்தும் விதத்தைத்தான் சொல்லவில்லை. மனசை விடாதீர்கள்.

எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். சிறுநீரகத்தில் இறங்கிவிட்டது என்று மூன்று மாதமாகப் பிரட்னிசலோன் 40 மி.கி. கண்ணாடியில் பார்த்தால் யாரோ. ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா கேட்கிறது வயிறு, வீட்டுக்காரர் வாங்கி வருவதற்குள் சண்டை. வெறும் வயிற்றில் சர்க்கரை 98, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 260. இதையெல்லாம் படித்தபின் எனக்கும் பயமாக இருக்கிறது. நாளையிலிருந்து பாதியாக்கிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

மேலூர் டாக்டர் – மே 21, காலை 8:00

அக்கா, வேண்டாம். உங்கள் கணக்கு வேறு. அந்த அம்மாவுக்கு ஸ்டீராய்டு தேவையே இல்லாமல் கொடுத்தார்கள். உங்களுக்கு அது சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறது. குறைப்பது எப்போது என்பதை உங்கள் சிறுநீரில் போகும் புரதமும் ரத்தப் பரிசோதனையும் சொல்லும், இந்த இழை சொல்லாது. மதியச் சர்க்கரை 260 என்பதை இன்றே அவர்களுக்குப் போன் செய்து சொல்லுங்கள். காலையில் போடும் ஸ்டீராய்டு மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். காலை வெறும் வயிறு மட்டும் பார்த்தால் ஏமாற்றும்.

மருந்துக்கடைத் தம்பி – மே 21, இரவு 9:20

அண்ணே, சிம்பிள். எந்த ஸ்டீராய்டாக இருந்தாலும், ஐந்து நாள் கோர்ஸாக இருந்தாலும், வாரம் பாதி பாதியாகக் குறைத்தால் போதும். பதினைந்து வருடமாகக் கடையில் நிற்கிறேன், அப்படித்தான் சொல்லி அனுப்புகிறேன்.

இன்னொன்று. பொட்டலத்தில் எது எது இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? நிறம், அளவு?

உசிலம்பட்டிக்காரன் – மே 21, இரவு 10:00

மூன்று மாத்திரை. பெரிய வெள்ளை ஒன்று, ரோஸ் கலரில் ஒன்று, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளை. காலையும் இரவும். ஆஸ்பத்திரியில் அலமாரியைக் குடையச் சொன்னார்கள், பழைய பொட்டலம் ஒன்று அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. அதைக் கொண்டுபோய் அந்த கிளினிக்கில் விடாப்பிடியாகக் கேட்டபிறகு, சின்னது டெக்சாமெத்தசோன் 0.5 மி.கி. என்றார்கள்.

மேலூர் டாக்டர் – மே 22, காலை 6:20

மருந்துக்கடைத் தம்பி பாதி சரி. மூன்று நான்கு வாரத்துக்கு உட்பட்ட கோர்ஸில் சுரப்பி பொதுவாக அவ்வளவு தூங்கிவிடாது, அப்படியே நிறுத்தலாம். அங்கே படிப்படியாகக் குறைத்தால் அது நோய் திரும்பாமல் இருக்கத்தான். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு "வாரம் பாதி" என்பது மேலே இருக்கும்போது சரி, கீழே ஆபத்து. 40லிருந்து 20, 20லிருந்து 10, நோய் அடங்கியிருந்தால் ஓரளவு வேகமாக வரலாம். ஏனென்றால் 10 என்பதே உடம்பின் தேவையைப் போல இரண்டு மடங்கு. 5ஐத் தொட்டதும் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போகிற ஒவ்வொரு படியும் சுரப்பியின் சொந்த உழைப்பைக் கேட்கிறது.

இப்போது அந்த மிளகு மாத்திரை. டெக்சா 0.75 மி.கி. என்பது பிரட்னிசலோன் 5க்குச் சமம். ஒரு நாளைக்கு 1 மி.கி. என்றால் ஆறரைக்கு மேல். பார்க்கச் சின்ன அளவு, ஆனால் அதன் வேலை ஒன்றரை நாள், இரண்டு நாள் நீடிக்கும். ராத்திரி வேளை இன்னும் மோசம். கார்டிசால் கூடிப்போகும் நோய் இருக்கிறதா என்று பார்க்க ராத்திரி 11 மணிக்கு 1 மி.கி. டெக்சா கொடுத்து, காலையில் கார்டிசால் பார்ப்போம். நல்ல உடம்பில் அந்த ஒரு வேளையிலேயே காலைச் சுரப்பு அடங்கி 1.8க்குக் கீழே போய்விடும். உங்கள் அம்மாவுக்கு அதில் பாதியை இரண்டு வருடம் ஒவ்வொரு ராத்திரியும் கொடுத்திருக்கிறார்கள்.

ரிட்டயர்டு வாத்தியார் – மே 24, மாலை 5:00

ஒரு சந்தேகம். இவ்வளவு பொல்லாத மருந்து என்றால் அது வலியை ஏன் அவ்வளவு அழகாகத் தீர்த்தது? நானும் என் மனைவியும் அதே மாதிரி ஒரு இடத்தில் பொட்டலம் வாங்கியவர்கள்தான். முதல் வாரம் அவள் மாடிப்படி ஏறியதைப் பார்த்து நான் கண் கலங்கினேன்.

மேலூர் டாக்டர் – மே 24, இரவு 10:15

வாத்தியாரய்யா, 1948இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஹென்ச் என்கிற மருத்துவர் முடக்குவாதத்தில் படுத்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாளிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். உங்களைப் போலத்தான் உலகமும் கண் கலங்கியது. முகம் வீங்குவதும் மனம் பிசகுவதும் அப்புறம்தான் தெரிந்தது.

மற்ற வலி மாத்திரைகள் வலிக்கான ஒரு ரசாயனத்தை மட்டும் தடுக்கின்றன. இது செல்லுக்குள் நுழைந்து, அங்கே தனக்கென்று இருக்கும் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு மரபணு இருக்கும் உட்கரு வரைக்கும் போகிறது. வீக்கத்தை உண்டாக்கும் சரக்கைத் தயாரிக்கச் சொல்லும் மரபணுக்களை அங்கேயே அடக்கிவிடுகிறது. அதனால்தான் அந்தச் சுகம். சிக்கல் என்னவென்றால் அந்த ஏற்பி மூட்டில் மட்டும் இல்லை. எலும்பிலும் தசையிலும் தோலிலும் ஈரலிலும் இருக்கிறது. ஈரலில் சர்க்கரை செய்யச் சொல்லும், அதற்கு மூலப்பொருளாகத் தொடைத் தசையை உடைக்கச் சொல்லும். சுகமும் கேடும் ஒரே வாசல் வழியாகத்தான் போகின்றன.

உங்கள் வீட்டம்மா இப்போதும் சாப்பிடுகிறாரா? அதைச் சொல்லவில்லையே.

ரிட்டயர்டு வாத்தியார் – மே 25, காலை 9:10

நிறுத்தி நாலு வருடம் ஆயிற்று. படிப்படியாகவா என்று கேட்காதீர்கள், அந்தக் கிளினிக்கையே மூடிவிட்டார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் ஆகும் என்று நீங்கள் சொல்லவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

மேலூர் டாக்டர் – மே 25, காலை 9:30

ஆமாம். ஒரே அளவு, ஒரே காலம் சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவருக்குச் சுரப்பி உறங்கும், ஒருவருக்கு உறங்காது. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

உசிலம்பட்டிக்காரன் – ஜூன் 16

வாத்தியாருக்குச் சொன்ன தொடை விஷயத்தை இப்போதுதான் பிடித்தேன். ஆறு மாதமாக அம்மாவால் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. கையை முட்டியில் ஊன்றி, அப்புறம் சுவரைப் பிடித்துத்தான் எழுவார். மூட்டுவலி என்றே நினைத்தோம், அதற்காக அந்தக் கிளினிக்கில் மாத்திரையை மூன்று வேளை ஆக்கலாமா என்றுகூடக் கேட்டார்கள்! நேற்று மதுரையில் டாக்டர் நாற்காலியில் உட்காரவைத்துக் கையைக் கட்டிக்கொண்டு எழச் சொன்னார். முடியவில்லை. "வலிக்கிறதா?" "வலிக்கலை, தெம்பில்லை." மூட்டு காரணமில்லை, தசைதான்.

எக்ஸ்ரேயில் முதுகில் ஒரு எலும்பு ஆப்பு மாதிரி நசுங்கியிருக்கிறது. விழுந்ததாக ஞாபகமே இல்லை. அதற்குத் தனியாக மருந்து எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு தொல்லை. 5 மி.கி. சரியாகத்தான் சாப்பிடுகிறார். ஆனாலும் உடம்பு முழுக்க வலி, சோர்வு, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்கிறார். சுரப்பி வேலை செய்யாததாலா? மாத்திரையைக் கூட்ட வேண்டுமா?

மேலூர் டாக்டர் – ஜூன் 16, இரவு

இங்கேதான் எல்லோரும் குழம்புவார்கள். பழைய வலி திரும்பினாலும் வலிக்கும், கார்டிசால் பற்றாமல் போனாலும் சோர்வு வரும், இரண்டும் இல்லாமல் உடம்பு பழகிய உயர்ந்த அளவுக்கு ஏங்கினாலும் இப்படியே இருக்கும். படுக்கவைத்து பி.பி. பாருங்கள், எழுந்து நின்றபின் பாருங்கள். நின்றதும் 20 இறங்கினாலோ, குமட்டல், சாப்பாடு வேண்டாம் என்பது, எடை குறைவது என்று இருந்தாலோ பற்றாக்குறைப் பக்கம். இவை எதுவும் இல்லாமல் வலியும் மனச்சோர்வும் மட்டும் என்றால் ஏக்கத்தின் பக்கம். அது வாரங்களில் அடங்கும். நீங்களாகக் கூட்டாதீர்கள்.

உசிலம்பட்டிக்காரன் – ஜூன் 17

படுத்து 126/80, நின்று 122/78. சரி, கூட்டவில்லை.

உசிலம்பட்டிக்காரன் – ஆகஸ்ட் 11

நல்ல செய்தி! காலை எட்டு மணிக் கார்டிசால் 14.2. பத்துக்கு மேல் என்றால் நிறுத்தலாம் என்றார்களே. ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன் அம்மாவுக்கு.

மருந்துக்கடைத் தம்பி – ஆகஸ்ட் 11

சூப்பர் அண்ணே. நிறுத்திடுங்க.

மேலூர் டாக்டர் – ஆகஸ்ட் 11, இரவு 11:00

நிறுத்தாதீர்கள். அன்று காலையில் மாத்திரை சாப்பிட்டுவிட்டா ரத்தம் கொடுத்தார்?

உசிலம்பட்டிக்காரன் – ஆகஸ்ட் 12

ஆமாம். "ஒருநாளும் விடக் கூடாது" என்று நான்தான் ஆறு மணிக்குப் பஸ் ஏறும் முன் கொடுத்தேன்.

மேலூர் டாக்டர் – ஆகஸ்ட் 12

அந்த 14இல் பாதிக்கு மேல் மாத்திரையாக இருக்கலாம். பிரட்னிசலோன் கார்டிசாலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, பல லேப் முறைகள் இரண்டையும் பிரித்துப் பார்க்காது. முந்தின நாள் காலை மாத்திரைக்குப் பிறகு 24 மணி நேரம் இடைவெளி விட்டு, எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, அங்கேயே அன்றைய மாத்திரையை விழுங்க வேண்டும். இதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

உசிலம்பட்டிக்காரன் – ஆகஸ்ட் 20

3.4.

ஜிகர்தண்டாக் காசு போச்சு.

மருந்துக்கடைத் தம்பி – ஆகஸ்ட் 20

நிறுத்திடுங்க என்று சொன்னதற்கு மன்னிச்சிருங்க அண்ணே. எனக்கு இது தெரியாது. ஆனால் டாக்டர், ஹைட்ரோகார்டிசோன் மாத்திரைக்கு மாற்றினால் சுரப்பி சீக்கிரம் எழும் என்று ஒரு மெடிக்கல் ரெப் சொன்னாரே?

மேலூர் டாக்டர் – ஆகஸ்ட் 20

அது சீக்கிரம் இறங்கிவிடும், இரவில் பிட்யூட்டரிக்கு ஓய்வு என்பது வாதம். சிலர் மாற்றுகிறார்கள், சிலர் பிரட்னிசலோனிலேயே இறக்குகிறார்கள். ஹைட்ரோகார்டிசோன் என்றால் நாளைக்கு இரண்டு மூன்று வேளை, மறதி உள்ள வீட்டில் அது ஒரு தலைவலி. எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் இல்லை.

அனுப்பானடி அக்கா – அக்டோபர் 3

நான் 15க்கு வந்துவிட்டேன். சர்க்கரை இறங்குகிறது, முகம் பாதி என் முகம். பரோட்டா ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்கு ஸ்டீராய்டைக் குற்றம் சொல்ல முடியாது போல.

உசிலம்பட்டிக்காரன் – அக்டோபர் 27

மழை, ஊரே காய்ச்சல். அம்மாவுக்கும் 102. சொல்லிக்கொடுத்தபடி 5ஐ 10 ஆக்கி மூன்று நாள், காய்ச்சல் விட்டதும் மறுபடி 5. வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் ஊசிக்கு ஓட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஓட வேண்டி வரவில்லை. மே மாதம் இது தெரிந்திருந்தால் என்று நினைத்தேன், அப்புறம் நினைப்பதை விட்டுவிட்டேன்.

உசிலம்பட்டிக்காரன் – நவம்பர் 24

இந்த முறை ஒழுங்காகக் கொடுத்தோம். 7.8. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில். டாக்டர் இறக்கத் தொடங்கிவிட்டார்: ஒரு மாதம் 3.75, அப்புறம் 2.5. 3.75 என்றால் 2.5 மி.கி. மாத்திரை ஒன்றும் இன்னொன்றில் பாதியும். காய் நறுக்கும் கத்தியில் வெட்டினால் பாதி தரையில், பாதி தூள். மருந்துக்கடைத் தம்பி சொல்லி, மூடிக்குள் பிளேடு வைத்த சின்ன டப்பா ஒன்று வாங்கினேன். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது, பாக்கு வெட்டி மாதிரி இருக்கிறதாம்.

மேலூர் டாக்டர் – நவம்பர் 24

பாக்கை அதில் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டிக்காரன் – மார்ச் 9

11.6. மாத்திரை இல்லாமல் கொடுத்த ரத்தம்தான், இரண்டு தடவை கேட்டுவிட்டேன். நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் இன்னும் ஒரு வருடத்துக்குப் பெரிய காய்ச்சல், ஆபரேஷன், விபத்து எதுவானாலும் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கும் என்று எழுதி ஒரு தாள் கொடுத்திருக்கிறார். லேமினேட் செய்து கொடுத்தேன். அம்மா அதை மடிக்கப் பார்த்தார், மடியவில்லை. இப்போது சின்னதாக ஜெராக்ஸ் எடுத்துச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு இருக்கிறது.

தரையிலிருந்து சுவரைப் பிடிக்காமல் எழுகிறார். கையைக் கட்டிக்கொண்டு இன்னும் இல்லை.

ரிட்டயர்டு வாத்தியார் – மார்ச் 10

மூட்டுவலி?

உசிலம்பட்டிக்காரன் – மார்ச் 10, இரவு

அது அப்படியே இருக்கிறது வாத்தியாரே. தேய்மானம் என்கிறார்கள். தொடைக்குப் பயிற்சி, எடை குறைப்பது, தாங்காத அன்று பாராசிட்டமால். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு மதினி பொட்டலத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நான் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எனக்கு அந்த மாதிரி எதுவும் பண்ணலையே தம்பி" என்றார். உள்ளே இருந்து அம்மா, "ஆனா அந்தச் சின்ன மாத்திரை நல்லாத்தான்டி கேட்டுச்சு" என்கிறார்.

மதினி எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார் என்று தெரியாது. சட்டென்று நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். திங்கட்கிழமை பொட்டலத்தோடு மதுரைக்குக் கூட்டிப்போகிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.